சின்ன வயது படத்தில் இருந்த முகம் ஏன் இப்போது இல்லை?

"என் 5 வயது போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருக்கு. என்ன மாறியது?"

மாறியது முக்கியமாக முகத்தின் அளவுப் பொருத்தம், அதாவது எந்தப் பகுதி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. மூளை சீக்கிரம் வளர்வதால் மண்டை 5, 6 வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். மூக்கும் தாடையும் நிதானமாக, பதின்பருவம் முடியும்வரை நீளும். மாடியை முதலில் கட்டிவிட்டு, கீழ்த்தளத்தைப் பிறகு உயர்த்துவது போல.

என் அண்ணனின் இரண்டு படங்களில், உச்சந்தலையிலிருந்து மோவாய்வரை ஸ்கேல் வைத்து அளந்தேன். சிறுவயதில் கண்கள் பாதிக்குக் கீழே இருந்தன, இப்போது சரிபாதியில். உப்பிய கன்னத்தின் கொழுப்பு வற்றி எலும்பு தெரிகிறது. அன்று உயரத்தில் ஆறில் ஒரு பங்காக இருந்த தலை, கை கால் நீண்டதில் ஏழில் ஒன்றாகிவிட்டது. நெற்றியோர முடி இரு பக்கமும் ஏறியிருக்கிறது. நேராகப் பார்க்கும் படங்களையே ஒப்பிடுங்கள். தலை குனிந்திருந்தால் அளவு ஏமாற்றும்.

"கண் சிறுத்துப்போச்சு" என்பார்கள். கண் சிறுக்கவில்லை, பிறந்ததைவிடப் பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது. ஒரே பொட்டு பெரிய நெற்றியில் சின்னதாகத் தெரிகிறதே, அப்படித்தான்.