பெயர் சூட்டு விழா: 90 விநாடி வீடியோவில் எதைக் காட்டுவது?

"என் தங்கை குழந்தைக்கு 11ஆம் நாள் பெயர் வைக்கிறோம். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி, சடங்குகளையும் அவற்றின் பொருளையும் சொல்லும் சின்ன வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்ப ஆசை. எதைச் சேர்ப்பது, எப்படிச் சொல்வது?"
(வாசகி, கும்பகோணம்)

நான்கு சடங்குகள் போதும்: புண்ணியாகவாசனம், அரிசியில் பெயர் எழுதுதல், காதில் பெயர் சொல்லுதல், தொட்டிலில் இடுதல். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொற்கள் வரும். ஒவ்வொரு சடங்குக்கும் 18 விநாடி வைத்து, அதில் 14 விநாடி மட்டும் பேசுங்கள். மீதி நேரம் படம் பேசட்டும். தொடக்கத்துக்கு 8, முடிவுக்கு 10 விநாடி.

புண்ணியாகவாசனத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிறப்புத் தீட்டு பத்து நாளோடு முடிகிறது; கலசத்து நீரை மாவிலையால் வீடெங்கும் தெளிக்கிறார்கள். 16ஆம் நாளோ 30ஆம் நாளோ பெயர் வைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் "11ஆம் நாள்தான் வைக்க வேண்டும்" என்று சொல்லாமல் "எங்கள் வீட்டில் 11ஆம் நாள்" என்று சொல்லுங்கள். வீடியோ முழுவதும் இதே நடையில் பேசினால், பார்க்கிற பெற்றோர் தங்கள் வீட்டு வழக்கம் தவறோ என்று கலங்க மாட்டார்கள்.

பலர் கோட்டைவிடுவது அரிசிக் காட்சியில்தான். தாம்பாளத்தில் பச்சரிசியைக் கனமாகப் பரப்பினால், எழுதிய கோட்டுக்குள் அரிசி சரிந்துவிடும். வெள்ளைமேல் வெள்ளை, எழுத்தே தெரியாது. அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தட்டு தெரியும்வரை கீறி எழுதச் சொல்லுங்கள். பித்தளை நிறத்தில் எழுத்து பளிச்சென்று எழும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்; தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் தட்டு பளபளத்து எழுத்தை மறைக்கும். இந்த இடத்தில் பேச இப்படி எழுதிக்கொள்ளலாம்:

"பெயரை முதலில் பச்சரிசியில் எழுதுகிறோம். அரிசி குறைவில்லாத உணவுக்கு அடையாளம். எழுதுவது மஞ்சள் கிழங்காலோ தங்க மோதிரத்தாலோ. எங்கள் வீட்டில் அப்பா எழுதுகிறார். சில வீடுகளில் தாய்மாமன் எழுதுவார்."

இதில் 21 சொற்கள். 14 விநாடிக்குள் அடங்கும்.

காதில் பெயர் சொல்வதைப் பொதுவாக வலது காதில், மூன்று முறை செய்வார்கள். கூட்டத்து இரைச்சலில் அந்த மெல்லிய குரல் போனில் பதியாது. அதற்காகப் போனைக் குழந்தை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். உதடு காதருகே இருப்பதைத் தள்ளி நின்று எடுத்து, பெயரைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள். குழந்தை தன் பெயரை ஊருக்கு முன்பு பெற்றவர் வாயால் கேட்கட்டும் என்பதே இதன் பொருளாகச் சொல்லப்படுவது.

இதையொட்டித் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை வீடியோவில் காட்டாதீர்கள், வீட்டிலும் செய்யாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து, பால் குடிக்கவும் மூச்சு விடவும் சிரமப்படும் ஆபத்தான நோய் அது. தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். பெரியவர்கள் வற்புறுத்தினால், கழுவிய மோதிரத்தில் ஒரு துளி தாய்ப்பால் தொட்டு வைக்கலாம். வீடியோவில் எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் நாலு வீட்டில் அப்படியே செய்வார்கள். அதனால் இந்த இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

தொட்டிலுக்குச் சில குடும்பங்களில் அருமையான ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தைக்கு முன்னால் அம்மிக் குழவிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்துத் தொட்டிலில் இடுவார்கள். கல்லைப் போல உறுதியாக, நீண்ட நாள் வாழட்டும் என்ற வாழ்த்து அது. குழந்தையைவிடக் குழவி கனமாக இருந்தால் கொக்கியும் முடிச்சும் தாங்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் இது இருந்தால் தவறாமல் எடுங்கள். பிறகு அத்தையோ பாட்டியோ குழந்தையை இடுவது வழக்கம். வசம்பு வளையலும் கறுப்புக் கயிறும் படத்தில் தெரியும்போது, "கண்ணேறு படாதிருக்கக் கட்டுவார்கள்" என்ற ஒரு வரி போதும். குழந்தை கையை வாயில் வைக்கும், மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். படமெடுத்ததும் வளையலைக் கழற்றிவிடுங்கள்.

குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் திரையில் சேர்த்துப் போட வேண்டாம். எல்லாருக்கும் போய்ச் சேரும் வீடியோவில் அழைக்கும் பெயர் மட்டும் இருக்கட்டும். கடைசி 10 விநாடியில், பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் செய்தியைச் சொல்லுங்கள்: பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லை, அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பதிந்த பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை வீட்டில் முடிவு செய்துகொண்டே விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள்.