காலைத் தேநீர் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். தினமும் காலை ஆறரைக்கு ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு அது வீட்டு விவகாரம் பேசும் நேரமாகிவிட்டது. அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு நாள் விட்டுப்போனதும் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அழைக்கவே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கைப்பேசியைக் காரணமாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது விளைவுதான். உட்கார்ந்ததும் "கரண்ட் பில் கட்டியாச்சா, குழாய் ரிப்பேருக்கு ஆள் சொன்னீர்களா" என்ற விசாரணை தொடங்கும் என்று தெரிந்துவிட்டால், யாருடைய கையும் வேறு எதையாவது தேடத்தான் செய்யும். குடும்பப் பழக்கங்களை ஆராய்பவர்கள் அன்றாட ஒழுங்கையும் சடங்கையும் பிரித்தே பார்க்கிறார்கள். ஒழுங்கு என்பது ஒரு வேலை முடிவதற்காக; முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். சடங்கு என்பது அதில் இருக்கும் மனிதர்களுக்காக. உங்கள் தேநீர் சடங்காகத் தொடங்கி, ஒழுங்காக நழுவிவிட்டது.

வீட்டு விவகாரங்களைப் பேசக்கூடாது என்று விதி போட்டால் அது நீடிக்காது, ஏனெனில் அவை உண்மையிலேயே முடித்தாக வேண்டிய வேலைகள். அவற்றுக்கு வேறோர் இடம் கொடுங்கள்: இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடமும், சமையலறையில் ஒரு சிறு நோட்டும் போதும். காலையில் குழாய் நினைவுக்கு வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடலாம்.

அப்படியானால் காலையில் என்ன பேசுவது? பெரிதாக எதுவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், புதுமணத் தம்பதியரைக் கவனித்துவிட்டு ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தார். "இதைப் பாரேன்", "தூக்கமே வரவில்லை" என்பது போன்ற சின்னச் சின்ன அழைப்புகளுக்கு, சேர்ந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 86 முறை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 முறை மட்டுமே. இந்த அழைப்புகள் காதில் விழுவதற்குத்தான் காலைத் தேநீரின் பத்து நிமிடம். பேச்சு வராத நாளில் ஒரு கேள்வி உதவும்: "இன்று எது முடிந்தால் உங்களுக்கு நிம்மதி?" அவர் ஒரு மேலாளருடனான சந்திப்பைச் சொன்னால், யோசனை சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் "அந்த மீட்டிங் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். காலையில் சொன்னதை மாலையில் நீங்களோ அவரோ தாமாகவே விசாரிப்பதுதான், இந்தப் பழக்கம் வேலை செய்கிறது என்பதற்கு நான் நம்பும் அடையாளம். ஒரு மாதமாகியும் அது நடக்கவில்லை என்றால், இருவரும் ஒரே மேசையில் தனித்தனியாகக் குடிக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது, ஆறரை மணி. கடிகாரத்தில் கட்டிய பழக்கம், ஒருநாள் கால் மணி நேரம் பிந்தினாலே ரத்தாகிவிடும். எப்படியும் நடக்கிற ஒரு செயலோடு அதைப் பிணைத்துவிடுங்கள்: முதலில் எழுந்தவர் தண்ணீரை அடுப்பில் வைக்கட்டும், மற்றவர் முகம் கழுவி வந்ததும் வடிகட்டிக் கொடுக்கட்டும், கோப்பை காலியாகும் வரை நேரம். கைப்பேசிகள் வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். அவசர நாளுக்கு ஒரு குறுகிய வடிவத்தையும் இப்போதே பேசிவையுங்கள்: நின்றபடி நான்கு மிடறு, அந்த ஒரே கேள்வி, இரண்டு நிமிடம். அதையும் முழுதாகவே கணக்கில் எடுங்கள். (தினமும் நீங்களே போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால், அது உங்களுக்கு இன்னொரு வேலையாகி, சில வாரங்களில் எரிச்சலாக மாறும்.)

விட்டுப்போன இரண்டு நாள்களுக்காகத் தயங்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. அந்தக் கணக்கில் உங்கள் இரண்டு வாரம் தொடக்கம்தான். ஏன் நின்றது என்ற விசாரணை இல்லாமல், "நாளை நான் தண்ணீர் வைக்கிறேன், பில் பேச்சு இரவுக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

எழுந்ததும் பேச முடியாதவர்களும் உண்டு. அவர் அப்படிப்பட்டவர் என்றால், வற்புறுத்தாமல் இருவரும் வேலையிலிருந்து திரும்பியதும் வரும் முதல் கோப்பைக்கு இதை மாற்றிவிடுங்கள். உங்களுக்குள் தீராத சண்டை ஏதாவது இருந்தால், அதைத் தேநீர் மேசைக்குக் கொண்டுவராமல், நேரம் குறித்துத் தனியாகப் பேசுங்கள். பத்து நிமிடத்தில் அது முடியாது, பாதியில் நின்ற சண்டையோடு இருவரும் வேலைக்குக் கிளம்ப நேரிடும்.