எடிட்டர், சோஷியல் மீடியா வேலைக்கு ரெஸ்யூம்: காட்பாடி அக்கா கிட்ட கேட்டதும் அவங்க சொன்னதும்

பிரவீன், குடியாத்தம்: அக்கா, காட்பாடில ஒரு கோச்சிங் சென்டர் யூடியூப் சேனல ஒரு வருஷமா பாத்துக்கறேன், கூடவே ஆம்பூர்ல ஒரு பிரியாணி கடையோட இன்ஸ்டா. ரெஸ்யூம்ல "சேனலை 12,000 சப்ஸ்க்ரைபர் வரை வளர்த்தேன்"னு போட்டுகீறேன். எங்க அனுப்புனாலும் ஒரு போன் வரல, இன்னா தப்பு?

பதில்: தம்பி, நீ அனுப்புன ரெஸ்யூம், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பாத்தேன். 12,000ன்றது பொய் இல்ல, ஆனா அத படிச்சு ஆள் எடுக்கிற என்னை மாதிரி ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சேரும்போது எவ்ளோ இருந்துச்சு, எத்தன மாசத்துல ஏறுச்சு, அதுல உன் கை எங்க பட்டுச்சு, இந்த மூணும் அந்த வரில இல்ல. ஆள் எடுக்கிறவங்க ரெஸ்யூம மேலோட்டமா தான் பாப்பாங்க, இந்த மாதிரி வரிய எல்லாரும் போடறாங்க, அதனால கண்ணு அத தாண்டி போயிடும்.

உன் ஸ்க்ரீன்ஷாட்ல இருக்கிறத வச்சே பாப்போம். 2024 ஜூன்ல நீ சேரும்போது 4,200, 2025 மே முடிவுல 12,000, அப்போ ஏறுனது 7,800. யூடியூப் ஸ்டுடியோவுல `Advanced mode` போய் தேதிய அதே ஜூன்ல இருந்து மே வரைக்கும் வச்சு, வீடியோ வாரியா `Subscribers` வரிசைய பாரு. உங்க சார் குரூப் 4 கட்-ஆஃப் பத்தி பேசுன லைவ் ஒண்ணு மட்டும் 3,100 பேர கொண்டு வந்துகீது. அது லைவ், நீ அதுல ஒரு கட்டும் பண்ணல. அத உன் கணக்குல போட்டா, இன்டர்வியூல யாராவது "எந்த வீடியோல ஏறுச்சு"ன்னு கேட்ட உடனே மாட்டுவ. மீதி 4,700 பேர் அந்த லைவ் இல்லாம வந்தவங்க, அதுல பெரும்பங்கு நீ எடிட் பண்ண பாடம் வீடியோ தான்னு அதே லிஸ்ட்ல தெரியுது. அத சொல்லு, போதும்.

ஆனா எனக்கு உன் ரெஸ்யூம்ல புடிச்சது அது கூட இல்ல, நீ போடாம விட்டது தான். பழைய வீடியோல சார் முதல் 40 செகண்ட் வணக்கம், பெல் பட்டன், சென்டர் அட்ரஸ்னு பேசுவாரு. நீ அத தூக்கி கடைசில போட்டுட்டு, நேரா அன்னிக்கு கணக்கு கேள்வியில ஆரம்பிச்ச. 30வது செகண்ட்ல இன்னும் எத்தன சதவீதம் பேர் பாத்துட்டு இருக்காங்கன்னு ஸ்டுடியோவுலயே ஒவ்வொரு வீடியோக்கும் காட்டும், உனக்கு அது 48ல இருந்து 63க்கு போச்சு. இது தான் எடிட்டரோட நம்பர். சப்ஸ்க்ரைபர் ஏறுறதுக்கு சாரோட பேர், எக்ஸாம் சீசன், தலைப்பு எல்லாம் காரணம், ஆனா முதல் அரை நிமிஷத்துல ஆள் ஓடாம இருக்கிறது பெரும்பாலும் டைம்லைன்ல நீ பண்ணது.

அதனால இப்படி எழுது, ஆங்கிலத்துல போடணும்னா இதையே நீயே மாத்திக்கோ: "போட்டித் தேர்வு கோச்சிங் சேனல், 2024 ஜூன் முதல் 2025 மே. வாரம் 2 வீடியோ, எடிட்டும் தம்ப்நெயிலும் நான், ஸ்க்ரிப்ட் ஆசிரியர். தொடக்க பேச்சை வெட்டி கேள்வியில் தொடங்கியதில் 30 செகண்ட் தாண்டி பார்ப்பவர்கள் 48 சதவீதத்திலிருந்து 63. சப்ஸ்க்ரைபர் 4,200லிருந்து 12,000, அதில் 3,100 ஒரு லைவ் மூலம்." கடைசி வார்த்தைய எடுத்துடலாமான்னு யோசிப்ப, எடுக்காத. நீயே உன் கணக்க பிரிச்சு சொன்னா மத்த நம்பரையும் நம்புவாங்க.

பிரியாணி கடை இன்ஸ்டாவுக்கு நம்பர் கம்மியா இருக்கு, ஒரே வரில முடிச்சிடு.

ஷாகிரா, பேர்ணாம்பட்டு: அக்கா, நம்பர்னா என்கிட்ட நல்லா இருக்கு, ஷார்ட்ஸ் தான் பண்றேன், 2025 ஏப்ரல்ல நான் எடிட்டிங் ஸ்டைல மாத்துனேன், அந்த மாசமே வியூஸ் டபுள் ஆயிடுச்சு. இத ஹைலைட்டா மேலயே போடட்டுமா?

பதில்: ஸ்டைல் மாத்துனது நல்லா வந்திருக்கலாம் மா, இல்லன்னு சொல்லல. ஆனா தேதி தான் இடிக்குது. 2025 மார்ச் 31ல இருந்து யூடியூப் ஷார்ட்ஸ் வியூ எண்ற முறையவே மாத்திட்டாங்க. இப்போ வீடியோ ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூ, ரிப்ளே ஆனாலும் ஒரு வியூ, இவ்ளோ நேரம் பாத்தாகணும்னு ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே பண்ணாதவங்க சேனல்ல கூட அன்னிலேர்ந்து நம்பர் எகிறிச்சு. விஷயம் தெரிஞ்சவங்க உன் வரிய பாத்ததும் முதல்ல அத தான் நினைப்பாங்க.

பழைய கணக்கு அனலிட்டிக்ஸ்ல `Engaged views`ன்ற பேர்ல இருக்கு. மார்ச்சுக்கு முன்னாடி மூணு மாசம், அப்புறம் மூணு மாசம், ரெண்டுத்துலயும் அத மட்டும் எடுத்து ஒப்பிட்டு பாரு. அதுவும் ஏறிருந்தா தைரியமா போடு, எந்த கணக்குன்னும் எழுதிடு. ஏறலன்னா அந்த வரிய விட்டுட்டு வேற வரி தேடு.

மணிகண்டன், ஆற்காடு: 1000 சப்ஸ்க்ரைபர், 4000 மணி நேரம் தாண்டுன சேனல் தான் ரெஸ்யூம்ல போடலாம்னு ஃபிரெண்ட் சொன்னான், என்னுது 640 தான், இன்னும் எவ்ளோ நாள் வெயிட் பண்றது?

பதில்: அது விளம்பர துட்டு வர்றதுக்கான கணக்கு சார், 1000 பேரும் ஒரு வருஷத்துல 4000 மணி நேரமும், இல்லனா 90 நாள்ல 1 கோடி ஷார்ட்ஸ் வியூவும். வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 640 பேர் சேனல்ல நல்லா வெட்டுன வீடியோ ரெண்டு இருந்தா லிங்க் குடுங்க, இன்னிக்கே அனுப்பலாம்.

கார்த்திக், சத்துவாச்சாரி: சாஃப்ட்வேர் பக்கம் பிரீமியர் 90%, ஆப்டர் எஃபெக்ட்ஸ் 75%, டாவின்சி 60%னு பார் போட்டு டிசைன் பண்ணிருக்கேன், கைன்மாஸ்டர் போட்டா மொபைல் எடிட்டர்னு மட்டமா நினைப்பாங்கன்னு எடுத்துட்டேன். ஓகேவா?

பதில்: 90 சதவீதம்னா மீதி 10 எது தெரியாது? இத நான் உண்மையாவே ஒருத்தர கேட்டுகீறேன், பாவம், முழிச்சாரு. பார எடுத்துடு. பெரிய கம்பெனில ரெஸ்யூம மெஷின் படிக்கும், அதுக்கு அந்த பார் வெறும் படம், படத்துக்குள்ள போட்ட பேர் அதுல பதியாம போகவும் வாய்ப்பு இருக்கு.

அதுக்கு பதிலா எதுல என்ன பண்ணன்னு எழுது. பிரீமியர்ல மூணு கேமரா பேட்டி சிங்க் பண்ணி கட், ஆப்டர் எஃபெக்ட்ஸ்ல லோயர் தேர்ட், டாவின்சில கலர், இந்த மாதிரி. டாவின்சி ஃப்ரீ வெர்ஷனா ஸ்டுடியோவான்னும் சொல்லிடு, ஃப்ரீல சில வசதி இருக்காது, ஆபீஸ்ல எது இருக்குன்னு வச்சு கேப்பாங்க. கைன்மாஸ்டர், வி.என். எல்லாம் தாராளமா போடு, ஸ்பாட்லயே ரீல் எடுத்து அரை மணி நேரத்துல போட்டு விடற ஆள தான் இங்க கடைக்காரங்க தேடறாங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் யாரும் எழுதாத விஷயம். தமிழ் டைட்டில். பிரீமியர்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிக்கும், "கொ" எழுதுனா உடைஞ்சு வரும். நிறைய பேர் இத தாண்ட பழைய ஃபான்ட், கன்வர்ட்டர்னு சுத்துவாங்க, அப்புறம் கிளையன்ட் ஒரு ஸ்பெல்லிங் திருத்த சொன்னா மறுபடி முதல்லேர்ந்து. `Preferences`ல `Graphics` போய் டெக்ஸ்ட் இன்ஜின `South Asian and Middle Eastern`னு மாத்தி யூனிகோட் ஃபான்ட் போட்டா நேரா வரும். இத தெரிஞ்சு வச்சுகினு ரெஸ்யூம்ல "தமிழ் டைட்டில், சப்டைட்டில் எழுத்து உடையாமல்"னு ஒரு வரியும், உன் வேலைய தொகுத்து காட்டற ஷோரீல்ல அதுக்கு ஒரு ஷாட்டும் வச்சா, தமிழ் சேனல் நடத்துறவங்க நின்னு பாப்பாங்க.

தினேஷ், வாலாஜா: நான் கல்யாண வீடியோ எடிட் பண்றேன் மேடம், 6 வருஷமா. எனக்கு சேனலும் இல்ல, ஃபாலோயரும் இல்ல, இந்த கேள்வி பதில்ல எனக்கு ஏதாவது இருக்கா?

பதில்: ஆடியன்ஸ் வளர்ச்சின்ற தலைப்பையே உங்க ரெஸ்யூம்ல வைக்காதீங்க, காலியா விட்டா தான் அசிங்கமா தெரியும். உங்க பலம் வேற. முகூர்த்தம் அன்னிக்கு நாலு கேமரா, ஒரு ட்ரோன், தவில் சத்தத்துல ஆடியோ சிங்க், எத்தன மணி நேர ஃபுட்டேஜ எத்தன நிமிஷம் ஹைலைட்டா குறைச்சு எத்தன நாள்ல குடுத்தீங்க, அது தான் உங்க நம்பர். ஷோரீல் ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ போதும், நல்ல ஷாட் முதல் 10 செகண்ட்லயே வரணும். ட்ரோன் ஷாட்ல ஆரம்பிக்காதீங்க, எல்லார் ரீலும் அங்க தான் ஆரம்பிக்குது. பொண்ணு மாப்பிள்ளை வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு போடுங்க. யூடியூப்ல `Unlisted`ல வைங்க, `Private`ல வச்சா நீங்க பர்மிஷன் குடுக்காத யாராலயும் திறக்க முடியாது. அனுப்பறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோல ஒரு தடவ திறந்து பாத்துடுங்க, டிரைவ் லிங்க் குடுத்துட்டு பர்மிஷன் குடுக்க மறக்கிறவங்க ஏராளம்.

சந்தியா, ராணிப்பேட்டை: எங்க மாமா சென்னையில போஸ்ட் புரொடக்‌ஷன்ல இருக்காரு, நம்பர் எல்லாம் எவனும் பாக்க மாட்டான், ஷோரீல் மட்டும் தான்னு சொல்றாரு. நீங்க நேர் எதிரா சொல்றீங்களே அக்கா?

பதில்: உங்க மாமா இடத்துக்கு அவர் சொல்றது சரி. சினிமா, விளம்பரப் படம் பக்கம் ரீலும் யார் கூட வேல செஞ்சீங்கன்றதும் தான். சோஷியல் மீடியா மேனேஜர் வேலைக்கு நம்பர் இல்லாம நடக்காது. ரெண்டும் சேத்து கேக்கற வேலைக்கு, அதான் வேலூர்ல வர்றதுல முக்காவாசி, ஒரே ரெஸ்யூம்ல ரெண்டையும் போடறதா, தனித்தனியா ரெண்டு வச்சுக்கறதான்னு கேட்டா நான் ரெண்டுன்னு சொல்வேன். என் கூட வேல செய்ற இன்னொரு பொண்ணு ஒண்ணு போதும்னு அடிச்சு சொல்றா, அவ எடுத்த ஆளுங்களும் நல்லா தான் வேல செய்றாங்க.

சந்தியா: அப்போ பூஸ்ட் போட்டு வந்த ஃபாலோயர்?

பதில்: பூஸ்ட் போட்டதுன்னே எழுதுங்க, எவ்ளோ செலவு, எவ்ளோ பேர் வந்தாங்கன்னு. விளம்பரம் ஓட்டத் தெரியறது தனி வேலை, அதுக்கு தனியா சம்பளம் குடுக்கறாங்க. மறைச்சா 20,000 ஃபாலோயர், போஸ்ட்டுக்கு 30 லைக்னு பேஜ் திறந்த உடனே தெரிஞ்சிடும்.

லோகேஷ், பாகாயம்: போன மாசம் ஏஜென்சி விட்டு வந்துட்டேன், சேனல் ஆக்சஸ் எடுத்துட்டாங்க, ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் இல்ல. கிளையன்ட் பேரும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்காங்க.

பதில்: பேர் சொல்லாம "வேலூர்ல ஒரு நகைக்கடை", "ஒரு கண் ஆஸ்பத்திரி"னு எழுதலாம், ஆனா உங்க பேப்பர்ல இன்னா எழுதிருக்குன்னு ஒரு தடவ படிச்சுட்டு எழுதுங்க, சில இடத்துல நம்பரையும் சேத்து தடுத்திருப்பாங்க. நம்பர் வெளிய சொல்லலாம்னா பழைய மேனேஜர் கிட்ட மரியாதையா ஒரு மெயில் போட்டு, ஸ்டுடியோவுல தேதி வச்சு எக்ஸ்போர்ட் பண்ண ஷீட் மட்டும் கேளுங்க, வருமானம் இருக்கிற வரிசைய எடுத்துட்டு குடுக்க சொல்லுங்க. குடுக்கலன்னா வெளியில தெரியற சப்ஸ்க்ரைபர் எண்ணிக்கை தான் மிச்சம், அதையும் யூடியூப் ரவுண்ட் பண்ணி தான் காட்டும், அதனால "சுமார்"னு போட்டுக்குங்க. ரிட்டென்ஷன் மாதிரி உள்ள இருக்கிற நம்பர நினைவுல இருந்து எழுத வேணாம்.

இப்போ வேலைல இருக்கிறவங்க மாசக் கடைசில உங்க எடிட்டோட நம்பர ஒரு ஷீட்ல குறிச்சு வச்சுக்குங்க, ஓனருக்கு தெரிஞ்சே. வருமானத்த காட்ட அவங்களுக்கு இஷ்டம் இல்லனா, லிமிட்டெட் ஆக்சஸ்னு ஒண்ணு சேனல் பர்மிஷன்லயே இருக்கு, அத குடுக்க சொல்லுங்க.

லோகேஷ்: மேனேஜர் போனே எடுக்க மாட்டாரு அக்கா.

பதில்: அப்போ கூட வேல செஞ்ச எடிட்டர், கேமராமேன் யாராவது இருப்பாங்க இல்ல, ரெஃபரன்ஸ்ல அவங்க நம்பர போடுங்க, கேட்டுட்டு போடுங்க. நான்லாம் போன் பண்ணி "இவர் எத்தன மணிக்கு ஃபைல் குடுப்பாரு"ன்னு தான் முதல்ல கேப்பேன்.