டியூஷன் ஆசிரியைக்கு விஜயதசமிக் கடிதம்

ஐயா, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியைக்கு விஜயதசமியன்று நன்றியும் வாழ்த்தும் எழுதித் தர விரும்புகிறேன். கழித்தலில் தடுமாறிக்கொண்டிருந்தவன் இப்போது 92 மதிப்பெண் வாங்குகிறான். அதைக் குறிப்பிட்டு எழுதலாமா? புடவையோடு அந்த மாதக் கட்டணத்தையும் ஒரே கவரில் வைத்துவிடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணத்தைத் தனியாக, முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய கூலி. அதைத் தாம்பூலத் தட்டில் வைத்து வெகுமதிபோல நீட்டுவது மரியாதை ஆகாது.

மதிப்பெண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். என் அம்மாவும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்தான். "முதல் மதிப்பெண் வாங்கினான், நன்றி" என்று வந்த வாழ்த்து அட்டைகளை ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவார். தான் என்ன செய்தோம் என்பது அவற்றில் இல்லை என்பது அவருடைய குறை. அந்தக் குறை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் மகன் கழித்தலில் எங்கே தடுமாறினான் என்று நீங்கள் எழுதவில்லை; நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் 500இலிருந்து 187ஐக் கழிக்கச் சொன்னால் 487 என்று எழுதுவார்கள். 0இலிருந்து 7ஐ எடுக்க முடியாததால் தலைகீழாக 7இலிருந்து 0ஐ எடுத்து 7 என்றும், அதேபோல் 8 என்றும் போட்டு, நூறுகளில் மட்டும் 5இலிருந்து 1ஐச் சரியாகக் கழித்துவிடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது வீண், ஏனெனில் கடன் வாங்க வேண்டிய கணக்குகளில் அதே தவறு திரும்பத் திரும்ப வரும். நல்ல ஆசிரியை சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் "எப்படிப் போட்டாய்?" என்று கேட்பார். பிறகு ஐந்து நூறு ரூபாய்த் தாள்களில் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாய்களாகவும், அதில் ஒன்றைப் பத்து ஒற்றை ரூபாய்களாகவும் மாற்றச் சொல்வார். கையில் நான்கு நூறும் ஒன்பது பத்தும் பத்து ஒற்றையும் இருக்கும்போது 313 என்ற விடை பிள்ளைக்குத் தானே தெரியும்.

உங்கள் ஆசிரியை செய்தது வேறாகவும் இருக்கலாம். மகனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை இப்படி எழுதுங்கள்:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். சுழியம் வந்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிடும் என் மகனுக்கு, ரூபாய்த் தாள்களைப் பரப்பி வைத்துக் கடன் வாங்கிக் கழிக்கும் விதத்தைப் பொறுமையாகப் புரியவைத்தீர்கள். நேற்று பூஜையில் வைத்த கணக்கு நோட்டை இன்று அவன் முதலில் உங்கள் முன் திறக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் விஜயதசமி நல்வாழ்த்துகள்."

கீழே இரண்டு வரி மகனையே எழுதச் சொல்லுங்கள். அதில் எழுத்துப்பிழை இருந்தால் நீங்கள் திருத்த வேண்டாம். அதை அந்த அம்மையார் பார்த்துக்கொள்வார்.