பதினேழாவது காட்சியில் நின்றுபோன நாவல்

கேள்வி: பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் ராக்கு என்ற பெண்ணை வைத்து நாவல் எழுதுகிறேன். மூன்று அங்கமாகப் பிரித்து 40 காட்சிக்கு அவுட்லைன் போட்டுத்தான் ஆரம்பித்தேன். 16 காட்சி எழுதியாயிற்று, 17இல் ஒரு மாதமாக நிற்கிறேன். அவுட்லைனில் இருப்பதை ராக்கு செய்யமாட்டேன் என்கிறாள். தூக்கிப் போட்டுவிடவா? பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் அவுட்லைனைச் சரிசெய்து, புத்தகமாகவும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எழுதியதன் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறேன். (மண்டபத்திலிருந்து ஒரு வாசகி)

முதலில் அந்த 15,000 ரூபாயைப் பத்திரமாக வீட்டிலேயே வையுங்கள். அந்த ஆளைப் பற்றி அப்புறம் வருகிறேன், நிறையச் சொல்ல இருக்கிறது.

நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். தூக்கிப் போட வேண்டியது காட்சிப் பட்டியலை. அவுட்லைன் முழுவதையும் இல்லை. இரண்டும் வேறு வேறு. நாற்பது காட்சிக்கு நீங்கள் போட்ட பட்டியலில் நிஜமான தூண்கள் நான்குதான். முதல் அங்கம் முடியும் இடத்தில் ராக்கு எடுக்கும் ஒரு முடிவு, நடுவில் அவள் நினைத்ததெல்லாம் தலைகீழாகும் இடம், இரண்டாம் அங்கத்தின் முடிவில் இனி ஒன்றுமில்லை என்று அவள் உட்கார்ந்துவிடும் இடம், கடைசியில் அவள் செய்யும் காரியம். இந்த நான்கையும் நான்கு வாக்கியமாக எழுத முடிந்தால் உங்களிடம் அவுட்லைன் இருக்கிறது. மற்ற முப்பத்தாறும் அன்றைக்குத் தோன்றிய யோசனை, அவ்வளவுதான். அவற்றை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

10, 20, 10 என்று காட்சிகளைப் பிரித்திருக்கிறீர்கள். கால், அரை, கால் என்ற இந்தக் கணக்கு திரைக்கதைப் பாடத்திலிருந்து வந்தது. 120 பக்கத் திரைக்கதையில் 30, 60, 30 என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாவலுக்கு இது தோராயமான அளவுதான், முதல் அங்கம் 12 காட்சி ஓடினால் யாரும் வந்து அடிக்கப்போவதில்லை. நம் ஊரில் வேறு ஒரு சிக்கல் உண்டு. சினிமா பார்த்து வளர்ந்ததால் நமக்குக் கதை என்றாலே இன்டர்வெல் வரை ஒன்று, அதற்குப் பின் ஒன்று. அதனால் நடுவில் ஒரு அதிர்ச்சியை வைத்துவிட்டு முதல் அங்கத்தின் முடிவை விட்டுவிடுகிறோம். என்னிடம் வரும் கைப்பிரதிகளில் நடுவில் நின்றுபோனவற்றுக்கு மருந்து பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை. முதல் அங்கம் முடிகிற இடத்தில் இருக்கிறது.

உங்களுடையதும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு அலுப்பா, இல்லை அவுட்லைனே செத்துவிட்டதா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். 17ஐ விட்டுவிட்டு 22ஆம் காட்சியை எடுத்து, நல்லா வருகிறதா என்று பார்க்காமல், இரண்டு பக்கம் கிறுக்குங்கள். அது ஓடினால் உங்களுக்கு அலுப்பு, 17ஐ நான்கு வரியில் கடந்துவிட்டு மேலே போகலாம். அதுவும் ஓடாவிட்டால், எழுதும்போதே 'இவள் ஏன் இங்கே வந்தாள்' என்று உங்களுக்கே தோன்றினால், கோளாறு பின்னால் இருக்கிறது. '22, 25 இரண்டையும் முயன்று பார்த்தேன், ராக்கு பொம்மை மாதிரி நிற்கிறாள்' என்று சுருக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அலுப்பு இல்லை.

இனி செய்ய வேண்டிய வேலை சலிப்பானது, ஒரு நாள் ஆகும். எழுதி முடித்த 16 காட்சிக்கும் தலா ஒரு வரி எழுதுங்கள். அவுட்லைனைப் பார்த்து எழுதக் கூடாது, எழுதியதைப் படித்துவிட்டு எழுத வேண்டும். இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டியிருந்தது, முடியும்போது என்ன மாறியது, இவ்வளவு போதும். பிறகு ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் பாருங்கள். பொருந்தாமல் 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே கதை அறுந்திருக்கிறது. கடைசியாக இந்தப் பட்டியலைப் பழைய அவுட்லைனுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் முதன்முதலாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள்.

உங்கள் சுருக்கத்தை வைத்து நானே செய்து பார்த்தேன். பிரியும் இடம் 8ஆம் காட்சி. அவுட்லைனில் அங்கே, ராக்குவின் மகனுக்குக் காய்ச்சல், அவள் தன்னிடம் பாசி வாங்கும் வியாபாரியிடம் முன்பணம் கேட்கிறாள், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்கிறார் என்று இருக்கிறது. எழுதும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த வியாபாரி தன் வண்டியிலேயே பையனை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார், விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார், ராக்குவின் விரலில் சுற்றிய துணி இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக்கொடுத்து, துணியை அவிழ்த்துக் காயவை என்கிறார். கைப்பிரதியிலேயே நல்ல பக்கம் அதுதான். அது வந்த நிமிஷமே உங்கள் பழைய அவுட்லைன் போய்விட்டது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் 10ஆம் காட்சியில், அதாவது முதல் அங்கத்தின் முடிவில், எடையில் ஏமாற்றுகிறார் என்று தெரிந்து 'இனி இவருக்குப் பாசி போடமாட்டேன்' என்கிறாள் ராக்கு. 17இல் ஊர் முன்னால் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். வியாபாரி வெறும் வில்லனாக இருந்தவரை இது சரி. ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்தவரை ஊர் முன்னால் நிறுத்த ராக்குவுக்கு மனசு வரவில்லை. வரவும் கூடாது. அவள் மறுப்பது உங்கள் எழுத்தின் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

இங்கேதான் 'எப்போது கைவிடுவது' என்பதற்குப் பதில். முதல் அங்கம் முடியும்போது வாசகன் மனதில் ஒரு கேள்வி விழுகிறது. அந்தக் கேள்வி அப்படியே இருக்கும்வரை, காட்சிகள் எவ்வளவு மாறினாலும் அவுட்லைனை விடாதீர்கள். கேள்வியே மாறிவிட்டால் விட்டுவிடுங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். 'வியாபாரியை ராக்கு ஜெயிப்பாளா' என்பது உங்கள் பழைய கேள்வி. இப்போது கைப்பிரதியில் இருப்பது 'நன்றிக்கடன் பட்ட ஆளிடமிருந்து அவள் எப்படி விலகுவாள்' என்பது. இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

விடுவது என்றால் எழுதியதைக் கிழிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். வாடை திரும்பி வடகடல் கொந்தளித்தால் நம் ஆட்கள் தென்கடல் பக்கம் போய்த் தொழில் பார்க்கிறார்கள், வள்ளத்தை உடைத்துப் போடுவதில்லை. உங்கள் 16இல் 1 முதல் 9 வரை தொட வேண்டாம். 10ஐ மறுபடி எழுத வேண்டும். 11, 12 போகும். தீவுப் பக்கம் போனவர்களின் சாக்கை வனத்துறை பிடுங்குகிற 13 அப்படியே நிற்கும், அதற்கு வியாபாரி நல்லவரா கெட்டவரா என்பதே தேவையில்லை. 14 முதல் 16 வரை வசனத்தை மட்டும் பாருங்கள். அதாவது நஷ்டம் மூன்று காட்சி, ஏறக்குறைய 4,500 வார்த்தை. ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்ததை விட இது மலிவு.

இப்போது அந்த 15,000 ரூபாய் ஆள். இவரை எனக்குத் தெரியாது, இந்த ரகத்தைத் தெரியும். கட்டம் கட்டமாக ஒரு தாள் வைத்திருப்பார்கள், எந்தக் கதை வந்தாலும் அதில் திணிப்பார்கள். உங்கள் 8ஆம் காட்சியைப் பார்த்ததும் 'வில்லன் பலவீனமாகிறான், வெட்டுங்கள்' என்பார்கள். வெட்டினால் அவுட்லைன் பிழைக்கும், நாவல் சாகும். அப்புறம் புத்தகம் போடுகிறேன் என்று, புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம், அதற்கென்று இருக்கிற அரசு அலுவலகத்தில் எழுதியவரே விண்ணப்பித்து வாங்கலாம். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் நூலக ஆணையை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஆணை எப்போது வரும், வந்தால் பணம் எப்போது வரும் என்று பதிப்பாளர்களே வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் வாங்கித் தருவாராம். என்னுடைய இரண்டாவது நாவலை ஒரு பதிப்பாளர் பக்கக் கணக்குக்காக எண்பது பக்கம் இழுக்கச் சொன்னார். நானும் இரண்டாம் அங்கத்தில் ஒரு கல்யாணத்தைச் செருகினேன். இன்றைக்கும் அந்தக் கல்யாணப் பந்தலைத் தாண்டிப் படித்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு இப்போது தேவையில்லை, ஆனால் இந்தக் கரையில் எழுதுகிற பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். கதையின் முடிவு நிஜத்தில் நடந்த ஒரு சம்பவமாக இருந்தால் அவுட்லைனைக் கைவிட முடியாது, ஏனென்றால் தேதி உங்கள் கையில் இல்லை. தனுஷ்கோடிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, மறுநாள் ஊர் இல்லை. கதாபாத்திரம் என்ன அடம்பிடித்தாலும் அந்த இரவு வரும், படிக்கிறவனுக்கும் அது தெரியும். ஆகவே புயலையே உச்சக்கட்டமாக வைத்தால் தோற்றுப்போவீர்கள். அலை வந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போனால் அங்கே யாரும் எதையும் முடிவு செய்யவில்லை, கடல்தான் செய்தது. இந்த மாதிரிக் கதைக்கு அவுட்லைனைப் பின்னாலிருந்து போட வேண்டும். நாயகன் தனுஷ்கோடிக்குப் போவதா, அன்றிரவு பாம்பனிலேயே தங்குவதா என்ற முடிவு, ரயில் கிளம்பும் முன் பிளாட்பாரத்தில் எடுக்கப்பட வேண்டும், அதை எடுக்க அவனுக்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும், புயல் அந்த முடிவுக்கு விலை மட்டும்தான். அந்தப் பிளாட்பாரத்திலிருந்து ஒவ்வொரு காட்சியாகப் பின்னால் நடந்து, 'இதற்கு முன் என்ன நடந்திருந்தால் இவன் இப்படிச் செய்வான்' என்று கேட்டுக்கொண்டே முதல் அங்கத்துக்கு வர வேண்டும். அதற்குள் நடுவில் இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் கலைக்கலாம், பிளாட்பாரத்தை மட்டும் நகர்த்த முடியாது.

சரி, உங்கள் 10ஆம் காட்சிக்கு வருகிறேன். ராக்கு தன் சாக்கை ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்க்கிறாள், 30 கிலோ. வியாபாரி நோட்டில் 26. கேட்டால், ஈரம் கழித்தேன் என்பார், பாசி காய்ந்தால் எடை குறையும் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பழைய அவுட்லைனில் இங்கே அவள் சண்டை போடுகிறாள். இனி போடமாட்டாள். ஒன்றும் பேசாமல் வந்து, அடுத்த சாக்கில் பாதியை மட்டும் அவரிடம் போட்டுவிட்டு மீதியை வீட்டில் காயவைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் முடிவுதான், இதற்குப் பிறகும் திரும்பிப் போக முடியாது, மேலும் அவள் இப்போது அவரிடம் ஒன்றை மறைக்கிறாள்.

20ஆம் காட்சிக்கு, நடுத்தூணுக்கு, உங்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அந்த ஆஸ்பத்திரிச் செலவு வியாபாரியின் நோட்டில் ராக்கு பெயரில் கடனாக ஏறியிருக்கிறதா, இல்லையா? இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, அந்த 15,000 ரூபாய் ஆளும் சொல்லக் கூடாது. நீங்கள் முடிவு செய்துவிட்டு 10ஐ எழுதுங்கள். 17ஐப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம், அந்த எண்ணில் வேறு ஏதோ காட்சி வந்து உட்கார்ந்திருக்கும்.