ஒரு நாள் லீவுக்கு 2,520 போனது எப்படி?

கேள்வி: சம்பளம் 20,000. மாதம் முழுக்க வந்தால் வருகை போனஸ் 2,000 தனி. மொத்தத்தில் 10 சதவீதம் பிடித்தம், அப்புறம் சம்பளத்திலேயே கழிக்கும் கடன் தவணை 4,000. மாதம் 25 வேலை நாள். வழக்கமாகக் கைக்கு 15,800 வரும். போன மாதம் காய்ச்சலில் ஒரே ஒரு நாள் போகவில்லை, 13,280தான் வந்தது. ஒரு நாள் சம்பளம் 800தானே? கணக்கில் தவறா?

பதில்: கணக்கு சரியாகவே இருக்கிறது. வராத நாளுக்கான 800 போனது, கூடவே 2,000 போனஸ் முழுவதும் போனது. ஆக மொத்தச் சம்பளம் 22,000 என்பது 19,200 ஆகிவிட்டது. சதவீதப் பிடித்தம் 2,200இலிருந்து 1,920 ஆக இறங்கியதால் 280 மிச்சமானது. ஆனால் கடன் தவணை அதே 4,000தான். நீங்கள் வராமல் போனது மாத வேலையில் 4 சதவீதம். கைக்கு வரும் பணத்தில் குறைந்தது ஏறக்குறைய 16 சதவீதம். தவணை போன்ற மாறாத பிடித்தங்கள் எவ்வளவு பெரிதோ, அடி அவ்வளவு பலமாகத் தெரியும்.

இருந்தாலும் சம்பளச் சீட்டில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் பிடித்தத்தைப் போனஸ் சேர்க்காத சம்பளத்தில் கணக்கிட்டால்தான் 800 வரும். சில இடங்களில் போனஸையும் சேர்த்து 22,000ஐ 25ஆல் வகுத்து 880 பிடித்துவிட்டு, போனஸையும் தனியாக நீக்கிவிடுவார்கள். அது ஒரே பணத்தின் ஒரு பகுதியை இரண்டு முறை பிடிப்பது. உங்கள் சீட்டில் அப்படி நடக்கவில்லை. இன்னொரு மாதம் 880 என்று கண்டால் உடனே சம்பளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, அந்த நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுப்பாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விடுப்பு மீதமிருந்து, காய்ச்சலுக்கான மருத்துவச் சான்றும் கையில் இருந்தால் பல இடங்களில் பின்தேதியில் ஏற்பார்கள். போனஸ் திரும்பாவிட்டாலும் 800 திரும்பும்; பிடித்தம் போக 720 கைக்கு வரும். அனுமதி பெற்ற விடுப்பும் போனஸைக் கெடுக்குமா என்பது விதியில் எழுதியிருக்கும். வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவம், வேலையில் பட்ட காயம் போன்ற சட்டப்பூர்வ விடுப்புகளுக்குப் பல நாடுகளில் தனிப் பாதுகாப்பு உண்டு, அவற்றையும் வராத நாளாகச் சேர்த்திருந்தால் அது வேறு வழக்கு.

இனி இந்த விதியோடு எப்படி வாழ்வது என்பதைப் பார்ப்போம். முதல் நாள் வராமல் போனால்தான் 2,520 போகும். அதே மாதத்தில் இரண்டாவது நாள் போனால் 720 மட்டுமே, ஏனென்றால் போனஸ் ஏற்கெனவே போய்விட்டது. பல் மருத்துவர், பத்திர வேலை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று தள்ளிப்போட்ட வேலைகள் இருந்தால், போனஸ் போன மாதத்திலேயே விடுப்பு சொல்லிவிட்டு முடிப்பது லாபம். நான்கு வேலைகளை நான்கு மாதங்களில் ஒவ்வொரு நாளாக எடுத்தால் 10,080 போகும். ஒரே மாதத்தில் எடுத்தால் 4,680தான். அதே நான்கு நாள், 5,400 வித்தியாசம். ஆனால் தொடர்ந்து வராமல் போவதற்குத் தனி நடவடிக்கை இருக்கும் இடங்களில் முன்அனுமதி கட்டாயம்.

இதில் வருகைக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்பது ரொம்ப முக்கியம். சில அலுவலகங்களில் 21 முதல் அடுத்த மாதம் 20 வரை ஒரு மாதமாக எடுப்பார்கள். அங்கே 20, 21 தேதிகளில் விடுப்பு எடுத்தால் இரண்டு மாதப் போனஸும் போய்விடும். ஒரு நாள் தள்ளி 21, 22 என்று எடுத்தால் ஒன்றுதான் போகும். தாமத வருகையை அரை நாளாகக் கணக்கிட்டு அதற்கும் போனஸை நிறுத்துகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோடு வேலைக்குப் போய் 2,000ஐக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரு நாள் ஓய்வில் தீர்வது நான்கு நாள் படுக்கையாக இழுத்தால், போனஸும் போகும், அதோடு 3,200 சம்பளமும் போகும்.

குடும்பச் செலவைப் போனஸ் இல்லாத மாதத்தை வைத்தே போடுங்கள். போனஸ் மட்டும் போனால் கைக்கு 14,000, ஒரு நாள் சம்பளமும் போனால் 13,280. வாடகை, கட்டணம், வெளிக் கடன் எல்லாம் இந்த 13,280க்குள் அடங்க வேண்டும். போனஸ் வரும் மாதங்களில் மிஞ்சும் 2,520ஐத் தனியாக ஒதுக்குங்கள். ஒரே ஒரு முறை ஒதுக்கினாலே அடுத்த காய்ச்சல் மாதம் ஈடாகிவிடும். புதுக் கடன் வாங்கும்போதும் 15,800ஐ வைத்துத் தவணை நிர்ணயிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.