பட்டியும் வெள்ளமும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகள் மலையாள மீடியத்தில் நாலாவது படிக்கிறாள். வீட்டில் தமிழ்க் கதை படிக்கும்போது நடுநடுவே மலையாள வார்த்தையைப் போட்டு வாசிக்கிறாள். உடனே திருத்தணுமா, விட்டுடணுமா?

பதில்: வார்த்தை மாறியதும் திருத்தாதீர்கள். வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். பொருள் நிற்கிறதா என்பதுதான் முதலில் தெரியவேண்டியது.

என்னிடம் வந்த ஒரு பையன் வாசித்த வரிகள் இவை: 'காலையில் ஊருக்குள் வெள்ளம் வந்தது. நாய் ஒன்று கூரைமேல் நின்று குரைத்தது.' அவன் 'நாய்' என்ற இடத்தில் 'பட்டி' என்றான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தான். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, நாவில் முதலில் வந்த சொல்லைச் சொல்லியிருக்கிறான். இது சின்ன விஷயம். வாக்கியம் முடிந்ததும் "தமிழ்ல இங்க என்ன எழுதியிருக்கு?" என்று அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினால், அவனே படித்துவிடுவான்.

'வெள்ளம்' என்பதை அவன் பிசகில்லாமல் வாசித்தான். சிக்கல் அங்கேதான் இருந்தது. "என்ன நடந்தது? மலையாளத்திலேயே சொல்லு" என்றேன். ஊருக்குத் தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம் என்றான். மலையாளத்தில் வெள்ளம் வெறும் தண்ணீர். சத்தமாக வாசிக்க மட்டும் சொல்லியிருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது.

நான் பொருளைச் சொல்லிவிடவில்லை. "அப்போ நாய் எதுக்குக் கூரைமேல ஏறிச்சு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், "வெள்ளப்பொக்கமா?" என்றான். அது வெள்ளப்பெருக்குக்கான மலையாளச் சொல். பிறகு அந்த வரியை மறுபடி தமிழில் வாசிக்கச் சொன்னேன். இந்தத் திரும்பி வாசித்தலை விட்டுவிட்டால், குழந்தை மலையாளத்தில் கதையைப் புரிந்துகொண்டு தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடும்.

இப்படி ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்களை ஒரு நோட்டில் அவளையே எழுதவிடுங்கள். சம்சாரம் (அங்கே பேச்சு, இங்கே மனைவி), அவசரம் (அங்கே வாய்ப்பு), களி (அங்கே விளையாட்டு) என்று அதில் சேரும். ஒரு கதைக்கு ஒரு சொல் போதும்.

மலையாளத்தில் கேட்டும் அவளுக்குக் கதை சொல்ல வரவில்லையென்றால், அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் புரிந்தால், எழுத்துக் கூட்டுவதிலேயே அவள் கவனமெல்லாம் போகிறது என்று பொருள். மலையாளத்தில் க, ட, ப ஒவ்வொன்றின் வெவ்வேறு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் பழகிய குழந்தை, தமிழில் ஒரே 'க' இடத்துக்கு இடம் மாறி ஒலிப்பதில் தடுமாறும். அதற்கு எழுத்துப் பயிற்சி தனியாகத் தேவை. நீங்கள் வாசித்தும் புரியாமல், மலையாளத்தில் விளக்கியும் பிடிபடாமல் போனால், அந்தக் கதை அவளுக்கு இப்போது கடினம். எளிதான ஒன்றை எடுங்கள். எளிய கதைகளிலும் இதே நிலை நீடித்தால், வகுப்பு டீச்சரிடம் மலையாள வாசிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.